மஞ்சள் இலையின் ஒற்றைப் படம்

மதுரை காளவாசலில் ஒரு வீட்டு மாடி. தொட்டியில் வளரும் குண்டுமல்லிச் செடியில் இலைகள் மஞ்சளாகி வருகின்றன. வீட்டுக்காரர் ஓர் இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, வேளாண்மை தெரிந்த ஒருவருக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். கூடவே ஒரு வரி: “இதுக்கு என்ன நோய், என்ன மருந்து அடிக்கலாம்?” காளவாசலிலிருந்து மேற்கே தேனி சாலையில் செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவரும் இதே கேள்வியை இதே மாதிரிப் படத்தோடு அனுப்பக்கூடும். படத்தில் தெரிவது ஓர் இலை. அது மஞ்சளாக இருக்கிறது. பதிலாக எதிர்பார்க்கப்படுவது ஒரு மருந்தின் பெயர். இந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரை அளந்து பார்க்கிறது. என் வாதம் இதுதான்: நோய்க்குக் காரணமான உயிரோ, அதன் தனித் தடயமோ இலையிலேயே இருந்தால் ஒரு படம் போதும். இலை வேறெங்கோ நடக்கும் பாதிப்பை வெளிக்காட்டும் இடமாக மட்டும் இருந்தால், எவ்வளவு தெளிவான படமும் காரணத்தைச் சொல்லாது. அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். மல்லிகையின் மஞ்சள் இலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

முதலில், ஒரு படம் போதுமான இடங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்டைச் செடியின் இலையில் நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, இடைப்பட்ட பகுதி பச்சையாக இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் வருவது. பரங்கி இலையின் மேல் மாவு தூவியது போன்ற வெண்படலம் சாம்பல் நோய். அங்கே கண்ணில் படுவது பூஞ்சையின் உடலேதான். தக்காளி இலையில் பாம்பு ஊர்ந்தது போன்ற வெண்கோடுகள், இலைத் திசுவுக்குள் புழு தின்று சென்ற பாதை. இந்த மூன்றிலும் இலையில் இருப்பதை வேறு எதுவும் அப்படியே உண்டாக்காது. தாவர நோயியலில் அறிகுறி வேறு, அடையாளம் வேறு என்று பிரித்துப் பேசுவார்கள். செடி படும் பாட்டின் வெளிப்பாடு அறிகுறி. நோய்க்காரணியின் உடலே கண்ணில் படுவது அடையாளம். பூஞ்சைப் படலம் அடையாளம். மஞ்சள் நிறம் அறிகுறி. பச்சையம் குறைந்தால் எந்த இலையும் மஞ்சளாகத்தான் தெரியும். அது ஏன் குறைந்தது என்பதை அந்த நிறம் சொல்வதில்லை.

மல்லிகை இலை மஞ்சளாவதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு மூன்று காரணங்களைச் சொல்கிறது: இரும்புச் சத்துக் குறைவு, வேரைத் தாக்கும் நூற்புழு, வேரழுகல். மூன்றுக்கும் தீர்வு தனித்தனி. இரும்புக் குறைவு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், கரைத்து, மஞ்சள் மறையும் வரை மாதம் ஒருமுறை இலையில் தெளிக்க வேண்டும். வேரழுகல் என்றால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துத் தூரைச் சுற்றி மண்ணில் ஊற்ற வேண்டும். நூற்புழுவுக்கு அந்தக் குறிப்பு மருந்தை முதலில் சொல்லவில்லை. மண்ணைச் சோதித்து, நூற்புழு இருப்பது உறுதியான பிறகே மருந்து என்கிறது. அக்குறிப்பு பரிந்துரைத்தது ஆல்டிகார்ப் என்ற குருணை. மனிதருக்கும் கொடிய நஞ்சான அது பின்னர் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இரும்பு மட்டுமே குறைந்த ஒரு செடியின் வேரில் அப்படிப்பட்ட குருணையைப் போடுவதற்கும், 5 கிராம் அன்னபேதியைத் தெளிப்பதற்கும் நடுவில் நிற்பது சரியான நோயறிதல் ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பழைய குறிப்பில் மருந்தின் பெயரைவிட ‘முதலில் சோதி’ என்ற வரிசை முக்கியமானது.

இம்மூன்றையும் இலையை வைத்தே பிரிக்க முடியாதா? ஓரளவு முடியும். ஆனால் அதற்குத் தேவையான செய்தி, இலையைக் கிள்ளிய கணத்திலேயே போய்விடுகிறது. செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும், சில மாறா. தழைச்சத்தும் மக்னீசியமும் பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து இறங்கிப் புதிய கொழுந்துக்குப் போய்விடும். ஆகவே அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் நகராது. பழைய இலையில் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிட, புதிதாய்ப் பிறக்கும் கொழுந்துதான் பட்டினி கிடக்கும். நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். முற்றினால் கொழுந்து முழுவதும் வெளுத்துவிடும். வேரழுகலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: அடியிலைகள் முதலில் பழுக்கும், பிறகு மேலிலைகள், கடைசியில் செடியே காயும். ஆக, மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதுதான் முதல் தடயம். உள்ளங்கையில் கிடக்கும் ஒற்றை இலைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அது கிளையின் நுனியில் இருந்ததா, தூருக்குப் பக்கத்தில் இருந்ததா என்பதைப் படம் பார்ப்பவர் அறிய வழியில்லை.

நிறத்தையும் அளவையும்கூடப் படத்திலிருந்து அப்படியே நம்ப முடியாது. கைபேசிக் கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. மாலை வெயிலில் எடுத்த இலையும் குழல்விளக்கின் கீழ் எடுத்த இலையும் ஒரே இலையானாலும் வேறு பச்சையாகத் தெரியும். லேசான மஞ்சளுக்கும் இயல்பான இளம்பச்சைக்கும் உள்ள வேறுபாடு அந்தத் திருத்தத்திலேயே கரைந்துபோகலாம். அளவை ஒரு கணக்கால் பார்க்கலாம். 80 சென்டிமீட்டர் அகலமுள்ள செடி முழுவதும் ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது. அனுப்பும்போது சுருங்கி 1,600 புள்ளி அகலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டரைக் குறிக்கும். மல்லிகையின் இலையடியில் சாறு உறிஞ்சி, இலையை மஞ்சள் புள்ளிகளாக்கும் செஞ்சிலந்திப் பேனின் உடல் நீளமே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்தப் படத்தில் அது ஒரே ஒரு புள்ளி. அதுவும் இலையின் மேற்புறத்தை எடுத்திருந்தால் இல்லவே இல்லை. படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லாத செய்தி வராது. அதே இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, தாளில் ஊரும் தூசி போன்ற புள்ளிகளைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதில் கிடைக்கும் விடை உறுதியானது.

உண்மையான இடர் இவற்றையும் தாண்டி, மண்ணுக்குள் இருக்கிறது. மூன்று காரணங்களும் வேரிலோ அதைச் சுற்றிய மண்ணிலோ இருப்பவை. நூற்புழு வேருக்குள் புகுந்தால் அங்கங்கே சிறு முடிச்சுகள் உண்டாகும். வேரழுகலில் வேர் பழுப்பாகிக் கறுத்து, தோல் இழுத்தால் உரிந்து வரும். மல்லிகையைத் தாக்கும் ஸ்கிலிரோஷியம் பூஞ்சையானால் தூரில் வெண்ணூல்களும் கடுகு போன்ற உருண்டைகளும் தென்படும். இரும்புக் குறைவில் வேரில் முடிச்சோ அழுகலோ இல்லாமலே இருக்கலாம். குறை மண்ணில் இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் இரும்பு இல்லாமல் போவதில்லை. மண்ணில் ஏராளமாக இருந்தும், சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது கரையாத வடிவில் கிடக்கிறது. பி.எச். அளவு ஒரு புள்ளி ஏறினால் ஃபெர்ரிக் இரும்பின் கரைதிறன் சுமார் 1,000 மடங்கு குறையும். பைகார்பனேட் மிகுந்த உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினாலும் இதே விளைவு. நகரத்து வீடுகளில் இது இன்னும் எளிதாக நேர்கிறது: கட்டட வேலையில் மிச்சமான சிமென்ட் கலவையும் சுண்ணாம்புக் காரையும் கலந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, போர் தண்ணீரை ஊற்றி வளர்க்கிறோம். காளவாசல் என்ற சொல்லே சூளையைக் குறிப்பது; சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் செடிக்கும் உள்ள இந்தத் தொடர்பை அந்த ஊர்ப் பெயர் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்தக் காரணங்கள் ஒன்றையொன்று விலக்குபவை என்று எண்ணினால் தவறு. முடிச்சு விழுந்த வேரால் சத்தை எடுக்க முடியாது. ஆகவே நூற்புழு தாக்கிய செடி இரும்புப் பட்டினியையும் காட்டலாம். தண்ணீர் தேங்கிய தொட்டியில் மூச்சு முட்டிய வேரும் அப்படியே. அப்படியானால், கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்று சரியாகப் பார்த்து ‘இரும்புக் குறைவு’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யும் ஆகாது, முழு உண்மையும் ஆகாது. இலையில் என்ன குறைகிறது என்பது ஒரு கேள்வி. ஏன் குறைகிறது என்பது வேறு கேள்வி. படம் நன்றாக அமைந்தால் முதல் கேள்விக்கு விடை தரும். இரண்டாவதற்கு மண்ணும் வேரும் தண்ணீரும்தான் விடை சொல்ல வேண்டும்.

தவறான விடையால் பெரிய கேடு இல்லை, ஒரு மருந்து வீணாகும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். மல்லிகை விஷயத்தில் அப்படி இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்கு ஏங்கும் செடியை வேரழுகல் என்று கருதி, தாமிர மருந்தை மாதக்கணக்கில் தூரில் ஊற்றினால் தாமிரம் மண்ணில் சேரும். மிகுந்த தாமிரம் இரும்பு எடுக்கப்படுவதைத் தடுக்கும்; செடி மேலும் மஞ்சளாகும். மஞ்சள் என்றதும் ‘உரம் பத்தவில்லை’ என்று டி.ஏ.பி. போடுவதும் இதே வகை: மிகுதியான மணிச்சத்து இரும்பை இன்னும் கிடைக்காமல் செய்யும். செஞ்சிலந்திப் பேனுக்குப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால், அந்தப் பேனைத் தின்று அடக்கிவைத்திருந்த நன்மைப் பூச்சிகள் சாகும். பேன் முன்னைவிடப் பெருகும். இப்படி ஒவ்வொரு தவறான சிகிச்சையும் அதே மஞ்சளைக் கூட்டும் தன்மை உடையது. மஞ்சள் கூடியதைப் பார்ப்பவர் மருந்து போதவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டுவார். எல்லாவற்றையும் கலந்து ஒரே தெளிப்பாக அடித்துவிடலாம் என்பதும் தீர்வாகாது. பூஞ்சைமருந்து, பூச்சிமருந்து, நுண்ணூட்டம் மூன்றும் சேர்ந்து போனபின் செடி தேறினால் எது தேற்றியது என்று தெரியாது. தேறாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது. அடுத்த முறை மஞ்சள் வரும்போது தோட்டக்காரர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று கேள்விகள் எழும். முதலாவது, அனுபவசாலியின் கண். முப்பது ஆண்டு மல்லிகை பார்த்தவர் படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுகிறார், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அவர் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. அனுப்பியவர் எந்த ஊர், அங்கே கரிசலா செம்மண்ணா, இது எந்த மாதம், போன வாரம் மழை பெய்ததா என்பவை அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பகுதியில் பத்து மஞ்சளில் பெரும்பாலானவை எதனால் வருகின்றன என்பதும் அவருக்குத் தெரியும். அதாவது அவர் சொல்வது பெருவாரிக்கான விடை. முன்னே நிற்கும் இந்தச் செடி பெருவாரியில் ஒன்றா, விலக்கா என்பதை அந்தப் படம் காட்டுவதில்லை. அதே ஆள் தோட்டத்துக்கே நேரில் வந்தால், முதலில் செய்வது குனிந்து தூரைக் கிளறிப் பார்ப்பது. தன் கண்ணின் எல்லை எது என்பதை அந்தக் கையே ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது, படங்கள் இலட்சக்கணக்கில் சேர்ந்தால் கணினி கற்றுக்கொள்ளாதா என்பது. இதற்கு நல்ல சான்று ஏற்கெனவே இருக்கிறது. 2016-இல் மொஹந்தி, ஹியூஸ், சலாதே மூவரும் பிளான்ட்வில்லேஜ் என்ற தொகுப்பின் 54,306 இலைப் படங்களை வைத்துக் கணினிக்கு 14 பயிர்களையும் 26 நோய்களையும் பிரிக்கக் கற்றுத் தந்தார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கிவைத்த படங்களில் அது 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. வேறு இடங்களிலிருந்து, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது சுமார் 31 விழுக்காட்டுக்கு இறங்கியதை அவர்களே பதிவு செய்தார்கள். பின்னர் நோயன் என்பவர், அதே தொகுப்பில் இலையை விட்டுவிட்டுப் பின்னணியிலிருந்து 8 புள்ளிகளை மட்டும் எடுத்துக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் 49 விழுக்காடு சரியான விடை வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 விழுக்காடுதான் வரும். ஒவ்வொரு நோய்க்கும் படம் எடுத்த இடமும் வெளிச்சமும் வேறாக இருந்ததால், இலையைப் பார்க்காமலே நோயை ஊகிக்க முடிந்திருக்கிறது. படம் கூடுவதால் படத்தில் இல்லாத வேரும் மண்ணும் அதற்குள் வந்துவிடா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மூன்றாவது கேள்விதான் கனமானது. மல்லிகை அன்றாடப் பணம். மொட்டு வெடிப்பதற்குள் பறித்து அன்றே சந்தைக்குப் போக வேண்டிய பூ அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மதிப்பு அந்தக் காலைப் பொழுதில்தான் இருக்கிறது. மஞ்சளைக் கண்டவருக்கு ஒவ்வோர் இலைக்காகவும் ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் மதுரை வேளாண்மைக் கல்லூரிக்குச் செடியோடு போக நேரமும் செலவும் ஏது? போனாலும் ஆய்வகம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? இரும்பில் ஒரு புதிர் உண்டு: வெளுத்த இலையை அரைத்து அளந்தால், அதிலுள்ள மொத்த இரும்பு பச்சை இலையில் இருப்பதற்குச் சமமாகவே வரக்கூடும். இலைக்குள் வந்தும் பயன்படாத வடிவில் அது தங்கிவிடுவதுதான் காரணம். ஆக, ஆய்வக எண்ணும் ஒற்றைச் சான்றாக நின்றால் ஏமாற்றும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து ‘ஆகவே ஒரு படத்தை வைத்தே மருந்து சொல்லலாம்’ என்ற முடிவு வராது. செடி இருக்கும் இடத்திலேயே, செலவில்லாமல், சான்றுகளைக் கூட்ட வேண்டும் என்ற முடிவே வரும்.

காளவாசல் மாடிச் செடிக்கு அதைச் செய்து பார்க்கலாம். பதில் எழுதுபவர் மருந்துக்குப் பதிலாக முதலில் நான்கு படங்களைக் கேட்க வேண்டும்: தொட்டியோடு முழுச் செடி, நுனிக் கொழுந்தும் அடியிலையும் ஒன்றாகத் தெரியும் ஒரு கிளை, இலையின் அடிப்புறம், மண்ணைச் சற்று விலக்கிய தூர். நான்கும் நிழலில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னே வைத்து எடுத்தவையாக இருந்தால் நிறத்தை ஒப்பிட முடியும். கூடவே சில கேள்விகள்: எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை, தொட்டியின் அடித்துளையில் நீர் வடிகிறதா, கடைசியாக என்ன உரம், மஞ்சள் எப்போது தொடங்கியது. கொழுந்தில்தான் மஞ்சள், நரம்பு பச்சை, அடியிலை நன்றாக இருக்கிறது, போர் தண்ணீர் என்று விடை வந்தால் இரும்பு முன்னுக்கு வருகிறது. காய்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ சொட்டினால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பார்க்கலாம். பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. செடியைத் தொட்டியோடு சாய்த்து மண்கட்டியை மெல்ல வெளியே எடுத்தால் வேர் வெண்மையா, கறுப்பா, முடிச்சு உண்டா என்பது தெரிந்துவிடும். வயலானால் பாத்தி ஓரத்தில் ஒரு செடியின் வேரை மட்டும் தோண்டிப் பார்ப்பது போதும். முடிச்சு தெரிந்தால் அப்போது ஆய்வகத்துக்குப் போவதில் பொருள் இருக்கிறது: ஈரம் காயாத வேர்மண்டல மண்ணையும் சிறிது வேரையும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும்.

வேர் நன்றாக இருந்தால் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. லிட்டருக்கு 5 கிராம் என்ற அதே அளவில் அன்னபேதியைக் கரைக்க வேண்டும்; போர் தண்ணீரில் கரைத்தால் இரும்பு பழுப்பாகப் படிந்துவிடும் என்பதால் மழைநீரோ சுத்திகரித்த குடிநீரோ நல்லது, கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மாலையில், மஞ்சளான ஒரு கொழுந்திலையின் நடுநரம்புக்கு ஒரு பக்கம் மட்டும் தூரிகையால் பூசி, மறுபக்கத்தை அப்படியே விட வேண்டும். சில இலைகளில் இப்படிச் செய்து, கிளையில் நூல் கட்டி அடையாளம் வைத்து, பத்து நாள் காத்திருக்கலாம். பூசிய பக்கத்தில் மட்டும் பச்சை திரும்பினால், அந்த இலையில் குறைந்தது இரும்புதான். இரண்டு பக்கமும் மஞ்சளாகவே நின்றால் இரும்பைக் கீழே இறக்கிவிட்டு, மாங்கனீசு முதலிய பிற சத்துகள் பக்கம் திரும்ப வேண்டும். பத்து நாளில் செடி செத்துவிடாது. தவறான மருந்தும் போகவில்லை. அந்தப் பத்தாம் நாளில் இலையைச் செடியிலிருந்து கிள்ளாமல் மீண்டும் படம் எடுத்து அனுப்பினால், அதுவும் ஒற்றை இலையின் ஒற்றைப் படம்தான். ஆனால் இம்முறை அந்த இலையின் ஒரு பாதி மறுபாதிக்குச் சாட்சியாக நிற்கிறது. இடையில் என்ன செய்யப்பட்டது என்பதும் தெரியும். ‘என்ன மருந்து’ என்ற கேள்விக்கு அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்லலாம்.